தாகம் உணர்த்தாத நீரிழப்பு

உடலில் நீர் குறையும்போது குருதியில் உப்பின் செறிவு உயர்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் இவ்வுயர்வை உணர்ந்து தாகத்தைத் தோற்றுவிக்கிறது. சிறுநீரைச் சுருக்குமாறு சிறுநீரகத்திற்கும் செய்தி அனுப்புகிறது. முதுமையில் இவ்விரு செயல்களும் தளர்கின்றன.

இதனை 1984ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று தெளிவாக்கியது. 67 முதல் 75 வயது வரையுள்ள, நலமும் சுறுசுறுப்பும் மிக்க முதியவர் எழுவரும் இளைஞர் எழுவரும் 24 மணி நேரம் நீர் அருந்தாதிருந்தனர். முதியவர்களின் குருதியில் உப்பின் செறிவு மிகுதியாக உயர்ந்திருந்தும், அவர்கள் குறைவாகவே தாகம் உணர்ந்தனர். பின்னர் நீர் வழங்கப்பட்டபோதும் இழப்பை ஈடுசெய்யும் அளவிற்கு அவர்கள் அருந்தவில்லை. நோயற்ற முதியவரிடமும் தாகம் நம்பத்தக்க அளவுகோல் அன்று என்பது இதனால் புலனாகும்.

சென்னையின் மேற்கே பூவிருந்தவல்லியை அடுத்த பாரிவாக்கத்தில், கோடைக்காலையில் ஒரு மணி நேரம் நடக்கும் எழுபது வயது முதியவர் ஒருவரைக் கருதுவோம். நடைக்கு முன் அவரது எடை 62.4 கிலோ, வியர்வையைத் துடைத்தபின் 61.9 கிலோ. குறைந்த அரைக் கிலோ பெரும்பாலும் வியர்வையே. அஃதாவது ஏறத்தாழ அரை லிட்டர் நீர். தாகம் இல்லையெனினும், அந்நீரை அவர் சிறிது சிறிதாக அருந்தவேண்டும். எழும்போது தலைசுற்றல், நாவறட்சி, அடர்மஞ்சள் நிறச் சிறுநீர் ஆகியன நீர்க்குறைவின் அறிகுறிகள். ஆயினும் நீர்மாத்திரை உண்பவருக்குச் சிறுநீரின் நிறம் ஏமாற்றக்கூடும். முதியவரின் தோல் இயல்பாகவே தளர்ந்திருப்பதால் தோலைக் கிள்ளிப் பார்ப்பதும் பயன்தராது.

அவர் இதயத்தளர்ச்சி உடையவராயின் நிலை மாறுகிறது. உப்பு உடலில் நீரைத் தேக்கும். தேங்கிய நீர் குருதியின் அளவைப் பெருக்கி, நலிந்த இதயத்தின் சுமையைக் கூட்டும். கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் அதனால் விளைவன. உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குப் பரிந்துரைக்கும் சோடியத்தின் மேல்வரம்பு 2 கிராம். வயிற்றுப்போக்கிற்கென வகுக்கப்பட்ட ஓ.ஆர்.எஸ். கரைசலின் ஒரு லிட்டரிலோ ஏறத்தாழ 1.7 கிராம் சோடியம் உள்ளது. நடைக்களைப்பிற்காக அதனைப் பருகினால், உணவு உண்ணுமுன்னரே அவ்வரம்பு நெருங்கிவிடும். உப்பிட்ட நீர்மோருக்கும் ஊறுகாய்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். சோடியம் குறைந்த மாற்று உப்பில் பொட்டாசியம் மிகுந்திருக்கும். சிறுநீரக நோயுடையோர்க்கும், இதய நோய்க்கான சில மருந்துகளை உண்போர்க்கும் அது குருதியில் பொட்டாசியத்தை உயர்த்தி இதயத்துடிப்பின் சீரைக் குலைக்கலாம்.

மருத்துவர் சிலருக்கு நாளொன்றுக்கு அருந்தும் நீரின் அளவையும் வரையறுப்பார்; நடைக்குப் பின் அருந்தும் நீரும் அவ்வரையறைக்குள் அடங்கவேண்டும். இத்தகையோர் நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்தல் நன்று. மூன்று நாள்களுக்குள் இரண்டு கிலோ கூடினால், அது கொழுப்பன்று, தேங்கிய நீர் எனக் கருதி உடனே மருத்துவரை அணுகவேண்டும். நடைக்குப் பின் குறையும் எடை நீரின் தேவையையும், நாள்தோறும் ஏறும் எடை நீரின் தேக்கத்தையும் காட்டுகின்றன. தாகம் உணர்த்தத் தவறுவதை எடைப்பொறி உணர்த்துகிறது.