மஞ்சள் லோகோவும் மங்காத எழுத்தும்

மசாலாப் பொடி விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். லோகோ, பாக்கெட், கடைப் பலகை எல்லாமே ஒரே மாம்பழ மஞ்சள். கணினியில் அந்த நிறத்தின் குறியீடு #F2A900. நிறுவனம் இப்போது இணையத்தில் விற்பனையைத் தொடங்கப் போகிறது. "தம்பி, எங்க பார்த்தாலும் நம்ம மஞ்சள்தான் தெரியணும்" என்கிறார் உரிமையாளர். டிசைனரும் பொத்தான்களை மஞ்சளாக்கி, அவற்றின் மேல் வெள்ளை எழுத்தில் 'கூடையில் சேர்' என்று போடுகிறார். விலையும் தலைப்பும் வெள்ளைப் பின்னணியில் மஞ்சளாக வருகின்றன. அலுவலகத்துப் பெரிய திரையில் பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கிறது. வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவர் அதே பக்கத்தைக் கைபேசியில் திறந்தால், விலை எவ்வளவு என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை எண்ணாலேயே சொல்லிவிடலாம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி நெறிகளில், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே இருக்க வேண்டிய கான்ட்ராஸ்ட்டை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் ஒளிர்வு மதிப்பு உண்டு; கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 1. இரண்டு நிறங்களின் ஒளிர்வோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவதுதான் கான்ட்ராஸ்ட். ஒரே நிறம் இரண்டு என்றால் 1 வரும். கறுப்பும் வெள்ளையும் என்றால் 21 வரும். சாதாரண அளவு எழுத்துக்கு இது குறைந்தது 4.5 இருக்க வேண்டும். 24 பிக்சலோ அதற்கு மேலோ உள்ள பெரிய எழுத்துக்கு 3 போதும்.

இந்த 4.5 எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நல்ல பார்வை உள்ளவர்களுக்கு 3 போதும் என்று அதற்கு முந்தைய திரைத் தரங்கள் சொல்லியிருந்தன. கண் மருத்துவர் 6/12 என்று எழுதித் தரும் அளவுக்குப் பார்வை குறைந்தவர்களுக்கு அதைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும் என்று கணக்கிட்டார்கள். மூன்றை ஒன்றரையால் பெருக்கினால் நாலரை. ஆக, நம் வீட்டுப் பெரியவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே வைத்த எல்லை இது.

ஒளிர்வைக் கணக்கிடும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் சமமான பங்கு கிடையாது. நம் கண் பச்சையைத்தான் அதிக வெளிச்சமாக உணர்கிறது. அதனால் சூத்திரத்தில் பச்சைக்கு ஏறக்குறைய 71.5 சதவீதம், சிவப்புக்கு 21 சதவீதம், நீலத்துக்கு வெறும் 7 சதவீதம். திரையில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. நீலத்தின் அந்த 7 சதவீதம் மட்டும்தான் அதில் இல்லை. அதனால்தான் சுத்த மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் இடையே கான்ட்ராஸ்ட் வெறும் 1.07. சுத்த நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடையே 8.59. நம் மசாலா மஞ்சள் கொஞ்சம் அடர்த்தியானது என்றாலும், வெள்ளையோடு வைத்தால் 2.01தான் வருகிறது. பெரிய தலைப்புக்கு வேண்டிய மூன்றைக்கூட அது தொடவில்லை. அதே மஞ்சளைக் கறுப்போடு வைத்தால் 10.45. தீர்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு நிறத்தை வைத்துக்கொண்டு மற்ற நிறங்களை உருவாக்கும்போது பலர் கைவைப்பது எச்எஸ்எல் என்ற முறையில் உள்ள வெளிச்சக் கோலை. அதில்தான் முதல் சறுக்கல். அந்த முறையில் சுத்த மஞ்சளுக்கும் சுத்த நீலத்துக்கும் வெளிச்சம் ஒரே 50 சதவீதம். கண்ணுக்கோ ஒன்று வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறது, மற்றது கறுப்புக்குப் பக்கத்தில். நீல லோகோ வைத்த நிறுவனத்துக்கு எச்எஸ்எல்லில் சரியாக வந்த படிகளை அப்படியே மஞ்சளுக்குப் போட்டால் எழுத்து மங்கிப்போவது இதனால்தான். இதற்கு நல்ல மாற்று, பியோர்ன் ஓட்டோசன் 2020இல் வெளியிட்ட ஓகேலேப் என்ற நிற அளவுமுறை. அதன் இன்னொரு வடிவமான `oklch` இப்போது சிஎஸ்எஸ்ஸிலேயே இருக்கிறது. வெளிச்சம், செறிவு, சாயல் என்று மூன்று எண்கள். வெளிச்சத்தின் எண் கண் உணர்வதை ஒட்டியே ஏறி இறங்குகிறது. நம் மஞ்சள் இதில் `oklch(0.785 0.164 77.6)`.

இனி வேலை எளிது. சாயலை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு வெளிச்சத்தை மட்டும் இறக்க வேண்டும். இறக்க இறக்க நிறம் பழுப்பாகும். உரிமையாளர் இந்த இடத்தில் கட்டாயம் தடுப்பார்: "இது நம்ம மஞ்சள் இல்லையே?" அவர் சொல்வது சரிதான், ஆனால் வேறு வழியில்லை. இருண்டும் இருக்க வேண்டும், பளிச்சென்றும் இருக்க வேண்டும் என்றால் அப்படி ஒரு மஞ்சளை எந்தத் திரையாலும் காட்ட முடியாது. வெளிச்சம் 0.51க்கு வரும்போது செறிவும் 0.11 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இருண்ட மஞ்சளைத்தான் நாம் பழுப்பு என்கிறோம். அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. மசாலாவுக்குப் பொருந்துகிற நிறம்தான்.

இப்படி இறங்கி வந்தால் கிடைக்கும் ஐந்து நிறங்கள் இவை:

```css
--cream:  #FFF6DF;
--brand:  #F2A900;
--border: #B87A00;
--link:   #8A5A00;
--ink:    #2B1C00;
```

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. பக்கத்தின் பின்னணிக்கு முதலில் உள்ள வெளிர் நிறம். பத்திகளுக்குக் கடைசியில் உள்ள கரும்பழுப்பு. இரண்டும் சேர்ந்தால் கான்ட்ராஸ்ட் 15க்கு மேல். இணைப்புகளுக்கும் விலைக்கும் #8A5A00. அது வெள்ளையில் 5.9, வெளிர் பின்னணியில் 5.5. முகவரி எழுதும் பெட்டியின் ஓரக் கோட்டுக்கு #B87A00. கோடு, ஐகான் போன்றவற்றுக்கு 3 போதும் என்று 2018இல் வந்த 2.1 பதிப்பு சொல்கிறது. இந்த நிறம் இரு பின்னணியிலும் அதைத் தாண்டுகிறது. ஆனால் எழுத்துக்கு இதைத் தொடக் கூடாது.

லோகோவின் மஞ்சளுக்கு என்ன வேலை? அது எழுத்தாக வராது. பொத்தானை நிரப்பும், தலைப்புப் பட்டையை நிரப்பும். அதன்மேல் வெள்ளைக்குப் பதில் கரும்பழுப்பில் எழுத வேண்டும், கான்ட்ராஸ்ட் 8.2. உரிமையாளர் கேட்டபடி மஞ்சள் எங்கும் தெரிகிறது, 'கூடையில் சேர்' என்பதும் படிக்கக் கிடைக்கிறது. இரவு நேரத்துக்கான இருண்ட பக்கம் வேண்டுமென்றால் இதே ஜோடியைத் திருப்பிப் போட்டால் போதும். கரும்பழுப்புப் பின்னணியில் இந்த மஞ்சள் தாராளமாக எழுத்தாகவே வரலாம். லோகோவுக்கு இந்த விதி பொருந்தாது என்று வழிகாட்டி நெறியே விலக்குக் கொடுத்திருக்கிறது, ஆகவே அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

தவறு நுழையும் இடங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். #8A5A00 ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று டிசைனர் அதைக் கொஞ்சம் ஏற்றி #A06A00 ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையில் சோதித்தால் 4.6, தேறிவிட்டது. ஆனால் பக்கத்தின் பின்னணி வெள்ளை இல்லை, வெளிர் மஞ்சள். அங்கே அதே எழுத்து 4.28. யாரும் எதையும் மாற்றாமலே தோற்றுவிட்டது. நிறத்துக்குத் தனியாக மதிப்பெண் கிடையாது; எந்த ஜோடியோ அதற்குத்தான் மதிப்பெண். ஐந்து நிறங்களைக் கொடுக்கும்போது, எது எதன்மேல் வரலாம் என்ற ஜோடிகளையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஒளிபுகும் எழுத்து. துணைக் குறிப்புகளை மென்மையாகக் காட்ட, கரும்பழுப்பையே பாதி ஒளிபுகும்படி வைப்பது பல இடங்களில் வழக்கம். வெள்ளைப் பின்னணியில் 16க்கு மேல் இருந்த கான்ட்ராஸ்ட் அப்போது 3.2 அளவுக்கு விழுந்துவிடும். நிறக் குறியீடு மாறாததால் யார் கண்ணிலும் படாது. 'காலாவதி தேதி', 'டெலிவரி கட்டணம்' போன்ற, ஆள் கட்டாயம் படிக்க வேண்டிய வரிகள்தான் பெரும்பாலும் இப்படி மங்குகின்றன.

தமிழில் எழுதும் தளங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. சூத்திரத்துக்கு நிறம் மட்டும்தான் தெரியும். எழுத்தின் தடிமன் தெரியாது. 14 பிக்சலில் மெல்லிய எழுத்துரு வைத்தால், முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'சேர்' என்பது 'சேர' ஆகிவிடும். ன, ண இரண்டின் சுழிகளும் ஒன்றாகக் கலந்துபோகும். ஆங்கில எழுத்துக்கு 4.5 போதும் என்று தேர்ந்த ஜோடியைத் தமிழுக்கு அப்படியே எடுக்காமல், எழுத்தை ஓரிரு பிக்சல் பெரிதாக்குவதும், மெல்லிய எழுத்துருவை உடல் எழுத்துக்குத் தவிர்ப்பதும் என் பரிந்துரை. எண் கூடுதலாக வைத்துக்கொள்ளவும் தயங்க வேண்டாம். 7 என்பது வழிகாட்டி நெறியின் அடுத்த படி.

மஞ்சளை லோகோவாக வைத்தவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல்: எச்சரிக்கைக்கும் எல்லோரும் மஞ்சளைத்தான் பயன்படுத்துகிறார்கள். பொத்தானும் மஞ்சள், 'பணம் செலுத்துதல் முடியவில்லை' என்ற செய்தியும் மஞ்சள் என்றால் வாடிக்கையாளர் குழம்புவார். பிழைச் செய்திக்கு அடர் சிவப்பை வைத்து, கூடவே ஓர் ஐகானும் தெளிவான சொல்லும் சேர்க்க வேண்டும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அதுதான் உதவும்.

சோதிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. வெப்எய்ம் தளத்தின் கான்ட்ராஸ்ட் சோதனைப் பக்கத்தில் இரண்டு குறியீடுகளை இட்டால் எண் வந்துவிடும். குரோம் உலாவியின் டெவலப்பர் கருவியில் எழுத்தின் நிறத்தைச் சொடுக்கினாலும் காட்டும். 4.48 வந்தால் 4.5 என்று முழுமையாக்கிக்கொள்ளக் கூடாது. வெள்ளையில் #777777 என்ற சாம்பல் இந்த இடத்தில்தான் தோற்கிறது, ஒரே ஒரு படி இருண்ட #767676 தேறுகிறது. எண் தேறிய பிறகு பக்கத்தைக் கைபேசியில் திறந்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, வாசலுக்கு வந்து நின்று படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லையென்றால் டிசைனரிடம் எழுத்தின் நிறத்தை மாற்றச் சொல்லுங்கள். லோகோ அப்படியே இருக்கட்டும்.