கடை திறக்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



சில ஆண்டுகளுக்கு முன், திருவண்ணாமலையில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி என் இல்லத்திற்கு வந்தாள். ஜவ்வாது மலையில் விளையும் சாமையை வறுத்துப் பொடித்து, கஞ்சி மாவாகக் கிரிவலம் வருவோருக்கு விற்க அவளுடைய மகளிர் குழு எண்ணியிருந்தது. அரைவை இயந்திரத்திற்கும் அச்சிட்ட உறைகளுக்கும் வங்கிக் கடன் வாங்க வேண்டும்.

“எல்லோரையும் கேட்டுவிட்டோம் ஐயா, எல்லோரும் நல்ல யோசனை என்கிறார்கள்” என்றாள்.

“யாரைக் கேட்டாய், அம்மா?” என்றேன்.

உறவினரையும் அண்டை வீட்டாரையும் கேட்டிருந்தாள். அவர்கள் மாவுக்கு மதிப்பெண் இடவில்லை. அவள்மீது கொண்ட அன்புக்கு இட்டார்கள். அந்த மதிப்பெண்ணை நம்பிக் கடன் வாங்கலாகாது.

பண்டத்தைச் செய்யுமுன், அதன் எண்ணத்தை மட்டும் எழுதி, வாங்கக்கூடிய அயலாரிடம் காட்டித் தீர்ப்புக் கேட்பதைக் கருத்துச் சோதனை என்பர். அதற்கு ஓர் அட்டை போதும். இது யாருக்கு, என்ன பயன், அதை ஏன் நம்பலாம், என்ன விலை என்னும் நான்கும் அதில் எளிய சொற்களில் இருத்தல் வேண்டும். விலையை மறைத்துக் கேட்டால் கிடைக்கும் விடை பயன்படாது. விலையில்லாத பொருளை யார்தான் வேண்டாம் என்பார்?

படித்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இது உமக்கு வேண்டுமா? இது ஈர்ப்பு. இதில் சொல்லியிருப்பதை நம்புகிறீரா? இது நம்பகம். இப்போது கிடைப்பவற்றிலிருந்து இது வேறுபட்டதா? இது தனித்தன்மை. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் பெற்று, “ஏன்?” என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

குழுவினர் அடுத்த பௌர்ணமியன்று, தங்கள் சரக்கு இது என்று சொல்லாமல், வெளியூர் அன்பர்களிடம் அட்டையைக் காட்டினர். “14 கிலோமீட்டர் நடந்தாலும் களைப்பே தோன்றாது” என்பது அதன் முதல் வரி. அதைப் படித்தவர் பலர் சிரித்துவிட்டனர், நம்பகம் விழுந்தது. தனித்தன்மைக் கேள்வியில் இன்னொரு செய்தி வெளிப்பட்டது. “வழியெல்லாம் அன்னதானம் நடக்கிறதே, காசு கொடுத்துக் கஞ்சி எதற்கு?” என்றனர். போட்டியாளர் வேறொரு மாவு வணிகர் அல்லர். விலையின்றிக் கிடைக்கும் அன்னமே! இதை வீட்டுக்குள்ளிருந்து எண்ணியவர் எவரும் கண்டிலர்.

ஆனால் “ஏன்?” என்பதற்கு வந்த விடைகளில் ஒரு வழியும் இருந்தது. இம்மலைப்பக்கத்துத் தானியம் என்றால் வீட்டுக்கு வாங்கிப் போகலாம் என்றனர் சிலர். எனவே இரண்டாம் அட்டையை அவ்வாறே எழுதி, வேறு அன்பர்களிடம் காட்டினர். ஒருவரிடம் ஓர் அட்டையே காட்டல் வேண்டும். இரண்டையும் கண்டவர், வாங்குபவராக இராமல் ஒப்பிடும் நீதிபதியாகிவிடுவார்.

மூன்று மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரி காண்பது பெரும் பிழை. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யாது. டாட்டா நிறுவனத்தின் நானோ காரை எண்ணிப் பாருங்கள். மழையில் ஸ்கூட்டரில் செல்லும் குடும்பத்தைக் கண்டு ரத்தன் டாட்டா கொண்ட எண்ணம் அது. 2008-இல் மக்களுக்குக் காட்டப்பட்டு, 2009-இல் விற்பனைக்கு வந்தது. ஒரு லட்ச ரூபாய்க் கார் வேறு இல்லை. ஆதலின் தனித்தன்மை உண்டு. சொன்னவர் டாட்டா, ஆதலின் நம்பகமும் உண்டு. ஆயினும் நம் நாட்டில் கார் என்பது பயணத்திற்கு மட்டுமன்று, தெருவில் கிடைக்கும் மதிப்புக்காகவும் வாங்கப்படுவது. “மிக மலிவான கார்” என்ற பெயர் அந்த ஈர்ப்பைக் குலைத்தது. அப்பெயர் தீங்கு செய்ததென்று ரத்தன் டாட்டாவே பின்னர் வெளிப்படையாகக் கூறினார். தொழிற்சாலை சிங்கூரிலிருந்து மாறியது, சில வண்டிகள் தீப்பற்றியது ஆகிய வேறு காரணங்களும் இருந்தன. 2018-இல் உற்பத்தி நின்றது.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. வாங்குவேன் என்பவர் எல்லோரும் வாங்குவதில்லை. 100 பேரில் 20 பேர் “கட்டாயம் வாங்குவேன்” என்றும், 40 பேர் “வாங்கலாம்” என்றும் சொன்னதாகக் கொள்வோம். 60 பேர் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. முதல் 20 பேரையே முதன்மையாகக் கொள்க, அவர்களிலும் சிலர் பின்வாங்குவர். மேலும், அட்டைக்குச் சுவை இல்லை. கஞ்சி கசந்தால் அதை அட்டை காட்டாது.

அதனால் குழுவினர் இயந்திரக் கடனை ஒத்திவைத்தனர். கூலிக்கு அரைக்கும் ஆலையில் சிறிதளவு மாவு அரைத்து, வெற்று உறையில் கையால் பெயரெழுதி, மறு பௌர்ணமிக்கு எடுத்துச் சென்றனர். உறையின்மேல் களைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.