வெள்ளிக்கிழமை போட்ட செக்கும் ஓ.டி. வட்டியும்

மாதம் பிறந்ததும் வங்கிக் கிளைகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. “போன வெள்ளிக்கிழமையே செக் போட்டேனே சார், அப்புறம் எதுக்கு முழுக் கடனுக்கும் வட்டி பிடிச்சிருக்கீங்க?” கேட்பவர் கணக்குத் தெரியாதவர் அல்ல, பல ஆண்டுகளாக ஓ.டி. கணக்கு வைத்திருக்கும் வியாபாரிதான்.

மிகைப்பற்று எனப்படும் ஓ.டி. கணக்கில் வங்கி ஒரு லிமிட் கொடுக்கிறது. எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி. ஒவ்வொரு நாளின் முடிவிலும் எவ்வளவு கடன் நிற்கிறதோ, அதற்கு அன்றைய வட்டி கணக்கிடப்படும். இப்படிச் சேர்ந்த தொகையை மாதக் கடைசியில் மொத்தமாகக் கணக்கில் பற்று வைப்பார்கள். பணம் வந்து விழும் நாளிலிருந்தே வட்டி குறையும். சிக்கல், ‘வந்து விழும் நாள்’ எது என்பதில்தான்.

ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவருக்கு 10 லட்சம் லிமிட், 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். கடன் 9,60,000 ரூபாயில் நிற்கிறது. 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம், கட்-ஆஃப் நேரம் முடிந்தபின், 2 லட்ச ரூபாய் செக்கைப் பெட்டியில் போடுகிறார். 27 நான்காவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. 28 ஞாயிறு. திங்கள்கிழமைதான் செக் கிளியரிங்குக்குப் போகிறது.

அவர் மனக்கணக்கில் வெள்ளியன்றே கடன் 7,60,000 ஆகிவிட்டது. வங்கியின் கணக்கில் ஞாயிறு இரவு வரை அது 9,60,000தான். 2 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி ஏறத்தாழ 66 ரூபாய். மூன்று நாளுக்கு 197 ரூபாய். 30 நாள் கொண்ட அந்த மாதத்துக்கு அவர் எதிர்பார்த்த வட்டி 9,140 ரூபாய். வங்கி பிடித்தது 9,337 ரூபாய். புகாருக்குக் காரணமான வித்தியாசம் இவ்வளவுதான்.

197 ரூபாய்க்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. அடி விழுவது வேறு இடத்தில். நூல் கடைக்காரருக்கு முன்பே 60,000 ரூபாய்க்கு ஒரு செக் கொடுத்திருந்தார், ‘நம்ம செக்தான் போட்டாச்சே’ என்ற தைரியத்தில். அதுவும் திங்கள் காலையில் கிளியரிங்குக்கு வருகிறது.

2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் முறை மாறியிருக்கிறது. முன்பு செக்குகள் தொகுதியாகச் சேர்ந்து போய், பெரும்பாலும் அடுத்த வேலைநாளில் பணம் வரும். இப்போது செக்கின் படம் ஸ்கேன் ஆக ஆகப் போய்க்கொண்டே இருக்கும். பணம் தர வேண்டிய வங்கி மாலை 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வேகம் கூடியது நல்லதுதான். ஆனால் ஒரே நாளில் வர வேண்டிய பணத்துக்கும் போக வேண்டிய பணத்துக்கும் எது முந்தும் என்று சொல்ல முடியாது. வியாபாரி போட்ட 2 லட்சம் மாலையில் பாஸ் ஆகலாம். நூல் கடைக்காரரின் செக்கைப் பகலிலேயே வங்கி பார்த்துவிடலாம். அந்த நேரத்தில் லிமிட்டில் மிச்சம் 40,000 மட்டுமே. போதிய பணமில்லை என்று செக் திரும்பும். ரிட்டர்ன் கட்டணம் தனி. நூல் கடைக்காரர் மனம் வைத்தால் 138ஆம் பிரிவின்கீழ் நோட்டீஸும் வரலாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் வழக்கு வரை போகும்.

இதைத் தவிர்க்க ஸ்டேட்மென்ட்டில் பார்க்க வேண்டியது ‘அவைலபிள் பேலன்ஸ்’. சில வங்கிகளில் செக் போட்டதுமே ‘லெட்ஜர் பேலன்ஸ்’ மாறிவிடும். அதை நம்பி செக் எழுதுபவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

போட்ட செக்கே திரும்பி வந்தால் நிலைமை இன்னும் இறுகும். கடன் 9,60,000லேயே நிற்க, மாதக் கடைசியில் 9,468 ரூபாய் வட்டி ஏறும். லிமிட்டுக்கு இன்னும் 30,000 சொச்சம் இருப்பதால் தப்பித்தார். 9,95,000 வரை எடுத்திருந்தால் அந்த வட்டியே கணக்கை லிமிட்டுக்கு மேலே தள்ளியிருக்கும். அப்படித் தொடர்ந்து 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் பட்டியலில் சேரும்.

செக் கொடுத்தவரிடம் ஆர்.டி.ஜி.எஸ். கேட்டிருக்கலாம். அதன் குறைந்தபட்சத் தொகையே 2 லட்சம்தான். 2020 டிசம்பர் முதல் ஞாயிறு, இரவு பாராமல் இயங்குகிறது. வெள்ளி இரவே பணம் ஏறியிருக்கும். ஆனால் ஜவுளிச் சந்தையில் செக் கொடுப்பவருக்கு அந்த மூன்று நாள் அவகாசம்தான் வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.