டேப் உடைவது எங்கே?

இரும்புக் கட்டையில் மறுபக்கம் திறக்காத துளை போட்டு, 6 மி.மீ. ஆழத்துக்கு எம்3 மரை வெட்ட வேண்டும். மரையின் பிட்ச் 0.5. மூன்றிலிருந்து அதைக் கழித்தால் 2.5, அதுதான் டிரில் அளவு. ஆழத்தை 6-லேயே நிறுத்திவிடக் கூடாது. டேப்பின் கூம்பு முனை முழு மரை வெட்டாது; வெட்டிய சுருளும் அடியில்தான் சேரும். எனவே 9 அல்லது 10 மி.மீ. துளையுங்கள்.

சிறிய டேப் ஏன் உடைகிறது? விட்டம் பாதியானால் முறுக்கைத் தாங்கும் வலிமை எட்டில் ஒன்றாகிவிடும். எம்6 டேப் தாங்கும் அதே கை அழுத்தத்தில் எம்3 ஒடிந்துவிடும். நீளக் கைப்பிடி போட்டால் அந்த அழுத்தம் கைக்கே தெரியாது.

சிறிய கைப்பிடி, கட்டிங் ஆயில், நேரான பிடிப்பு இவை முக்கியம். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அவ்வப்போது டேப்பை வெளியே எடுத்துச் சுருளைத் துடையுங்கள். திருப்பும்போது டேப் ஸ்பிரிங் போல முறுகி, கையை விட்டதும் பின்னுக்கு வந்தால் அடி தட்டியிருக்கும், அல்லது சுருள் அடைத்திருக்கும். அங்கேயே நிறுத்துங்கள். கடினமான உலோகத்தில் 2.6 டிரில் போடலாம். மரை சற்றுக் குறையும், பிடிமானம் பெரிதாகக் குறையாது.