தொலைதூர ஏவுகணை இருந்தும் நெருக்கச் சண்டை எதற்கு?

வியட்நாம் போரில் அமெரிக்காவின் ஃபேன்டம் போர் விமானங்களின் தொடக்க வகைகளில் பீரங்கியே பொருத்தப்படவில்லை. கண்ணுக்கு எட்டாத தொலைவிலேயே ஸ்பாரோ ஏவுகணை எதிரியை வீழ்த்திவிடும் என்று நம்பினார்கள். ஆனால் வானில் சொந்த விமானங்களும் பறந்ததால், ரேடாரில் தெரியும் புள்ளி யாருடையது என்பதைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அதற்குள் மிக் விமானம் நெருங்கி வந்து, சட்டென்று வளைந்து திரும்பிவிடும். ஏவிய ஸ்பாரோக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் இலக்கைத் தாக்கியது. 1969-இல் அமெரிக்கக் கடற்படை, வான்சண்டை கற்பிக்க டாப் கன் பள்ளியைத் தொடங்கியது.

இன்றைய ஏவுகணைகள் சில நூறு கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். ஆனால் பெரும்பாலானவற்றில் மோட்டார் சில விநாடிகளே எரியும். மீதித் தூரம் சேர்த்துவைத்த வேகத்தில்தான். இலக்கு திரும்பி விலகி ஓடினால், துரத்தும் ஏவுகணையின் வேகம் கரைந்துவிடும். இப்படித் தப்பியவர்கள் நெருங்கிவிட்டால், விமானத்தை வளைத்துத் திருப்பத் தெரிந்தவரின் கையே ஓங்கும்.