டைட்டன் என்று போடலாமா, வேண்டாமா?

டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கைகோத்து 1984இல் தொடங்கிய நிறுவனம் டைட்டன். ஓசூரில் தயாரான அதன் குவார்ட்ஸ் வாட்சுகள், மோசார்ட் இசையோடு வந்த விளம்பரங்களால், பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் கொடுக்கிற பரிசுப் பொருளாகவே ஆகிவிட்டன. அப்படிப் பேர் வாங்கிய பிறகுதான் சிக்கல் வந்தது. அடுத்து வரும் சரக்குக்கும் அதே பேரை வைப்பதா?

மலிவு வாட்சில்தான் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது. குறைந்த விலைச் சந்தையை விட்டுவிட மனமில்லை. ஆனால் டைட்டன் என்ற பேரிலேயே மலிவு வாட்சும் வந்தால், கவுன்டரில் நிற்கிறவர் என்ன சொல்வார்? "ரெண்டும் டைட்டன்தானே, விலை குறைஞ்சதையே குடுங்க." மேல்விலை வாட்சின் விற்பனையைத் தம்பியே தின்றுவிடுவான். பரிசு கொடுப்பவருக்கும் அந்தப் பேரில் பழைய கௌரவம் இருக்காது. விலையில் மேலே ஏறும்போது பழைய பேர் பெரும்பாலும் எடுபடாமல் போகும், அவ்வளவுதான். கீழே இறங்கும்போதோ பழைய பேரே அடிவாங்கும்.

அதனால் அது 'சொனாட்டா' ஆனது. அதோடு நிற்கவில்லை; 'டாடா தயாரிப்பு' என்று ஒரு வரியும் சேர்ந்தது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இது. முதல்முறை வாட்ச் வாங்குபவருக்கு வேண்டிய நம்பிக்கையை டாடா தந்துவிடும். டைட்டனின் மவுசும் குலையாது.

ஃபாஸ்ட்ராக் கதை வேறு. 1998இல் இளைஞர்களுக்காக டைட்டனின் ஒரு பிரிவாக வந்தது. அப்பா கட்டுகிற வாட்சின் பேரைத் தாங்கிக்கொண்டு கல்லூரிப் பிள்ளைகளிடம் துடுக்காகப் பேசுவது கொஞ்சம் இடித்தது. 2005இல் அதைத் தனி பிராண்டாகப் பிரித்துவிட்டார்கள். பிறகு கூலிங் கிளாஸ், பை, பெல்ட் என்று அது தன் போக்கில் போனது.

தனிப்பேருக்கு இன்னொரு பயனும் உண்டு. 1990களில் வந்த நகை பிராண்டான தனிஷ்க், முதலில் 18 காரட் நகைகளை முன்னிறுத்தித் தடுமாறியது. நம்மவர்களுக்கு 22 காரட்தான் தங்கம். அந்தத் தடுமாற்றம் வாட்ச் வாங்குபவரை எட்டவே இல்லை. பிற்பாடு கடைகளில் காரட்மீட்டர் வைத்து, நகையை உரசாமல் உருக்காமல் சுத்தத்தைக் காட்டி, தனிஷ்க் தன் நம்பிக்கையைத் தானே சம்பாதித்தது. தனி விளம்பரம், தனிக் கடை, பல வருடப் பொறுமை என்று அதற்கான செலவு பெரிது. சின்ன நிறுவனத்துக்கு இது கட்டுப்படியாகாது.

இத்தனைக்கும் பிறகு 2007இல் மூக்குக் கண்ணாடிக் கடை திறந்தபோது, 'டைட்டன் ஐபிளஸ்' என்று பழைய பேரையே வைத்தார்கள். வாட்சில் சம்பாதித்த துல்லியம் என்ற பேர் கண்ணாடிக்கும் அப்படியே பொருந்தும், விலையிலும் தாழ்வில்லை. ஆனால் இங்கே பவர் தப்பினால், வாடிக்கையாளர் திட்டப்போவது டைட்டனைத்தான்.