வந்து போன கூலியா, செய்த வேலைக்குக் கூலியா?

திருச்சுழியில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. குடும்பத்தோடு ஒரு மாதம் வெளியூர் போயிருந்துவிட்டுத் திரும்பியவர்கள் மோட்டார் சுவிட்சைப் போட்டார்கள். 'உம்' என்று உறுமியதே தவிர, மேல் தொட்டிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து எலெக்ட்ரீஷியனை வரவழைத்தார்கள்.

வந்தவர் முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். மோட்டாரின் பின்மூடியைக் கழற்றி, தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. ஸ்குரூடிரைவரை வைத்து மெல்ல மெல்லத் திருப்பினார். உப்புத் தண்ணீர் ஒரு மாதம் தேங்கி நின்றதில் உள்ளே காறை பிடித்து இறுகியிருந்தது; அது விட்டுக் கொடுத்தது. சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் சளசளவென்று ஏறிற்று. எல்லாம் பத்தே நிமிஷம்!

"250 ரூபாய் கொடுங்க அத்தை" என்றார்.

"என்ன தம்பி, ஒரு சாமான்கூட மாத்தலை. பத்து நிமிஷத்துக்கு இம்புட்டா?"

வீட்டு அம்மாள் கேட்டது நியாயம்தானே என்று உங்களுக்கும் தோன்றுகிறது அல்லவா? சற்றுப் பொறுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி ஏறக்குறைய 15 கிலோமீட்டர். போகவர 30. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வண்டிக்குப் பெட்ரோலே 70 ரூபாய்க்குக் கிட்ட ஆகிவிடும். வழியில் ஒரு மணி நேரம். வீட்டில் பேசிப் பார்த்துச் சரிசெய்ய அரை மணி. எட்டு மணி நேரத்துக்கு 1000 ரூபாய் நாள் கூலி என்றால் ஒன்றரை மணிக்கு 190 ரூபாய் வருகிறது. ஆக மொத்தம் 260. அவர் கேட்டது அதற்கும் சற்றுக் குறைவுதான். நாம் பார்த்தது பத்து நிமிஷம். அவருக்குச் செலவானது ஒன்றரை மணி நேரம்.

அருப்புக்கோட்டை நெசவாளர் வீடுகளில் சேலைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. அங்கே தறி வீட்டிலேயே இருக்கிறது; செய்யப் போகும் வேலையும் முன்கூட்டியே தெரியும். எலெக்ட்ரீஷியனின் தறியோ அவர் வண்டியின் பின்னால் கட்டிய பையில் அல்லவா இருக்கிறது? என்ன வேலை என்பதும் வந்து பார்த்த பிறகுதான் தெரிகிறது.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. வேலைக்கு இவ்வளவு என்று மட்டும் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'இறுகியிருந்ததைத் திருப்பிவிட்டது' என்று ஒரு விலைப்பட்டியலிலும் இராது. 'கண்டென்சர் மாற்றியது' என்று இருக்கும். வந்த செலவுக்கு வழி தேடுகிறவர், நல்ல கண்டென்சரையும் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டிக் காசு கேட்கலாம். வருகைக் கூலியை முறையாகக் கொடுத்துவிட்டால், பழுதில்லாததைப் பழுது என்று சொல்லும் அவசியம் அவருக்கு இல்லை.

கண்டென்சர் உண்மையிலேயே போயிருந்தால் எப்படித் தெரியும்? தண்டு கைக்குத் தாராளமாகச் சுற்றும். சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமும், ஆனால் ஓடாது. அப்போது அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தவறில்லை. ஆனால் உறுமுகிற மோட்டாரை உடனே நிறுத்திவிடுங்கள். விட்டுவைத்தால் காயில் கருகி, சில நூறு ரூபாயில் முடிவது சில ஆயிரத்துக்குப் போய்விடும்.

அப்படியானால் வேலைக்கு இவ்வளவு என்பது எப்போது நல்லது? விசிறி மாட்டுவது, குழாய் மாற்றுவது, புதிதாக ஒரு பிளக் வைப்பது என்று வேலை தெளிவாகத் தெரியும்போது அதுதான் சௌகரியம். அவர் தாமதித்தாலும் நமக்குச் செலவு ஏறாது. பழுது இன்னதென்று தெரியாதபோது வருகைக் கூலியே இருவருக்கும் பொருத்தம்.

வருகைக் கூலியிலும் ஏமாற இடம் உண்டு. ஆகவே போனிலேயே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். வருகைக் கூலியில் எவ்வளவு நேர வேலை சேரும்? வேலை பெரிதானால் அந்தப் பணம் மொத்தத்தில் கழியுமா, தனியா? சாமான் வாங்க மறுபடி வந்தாலோ, அதே பழுது சில நாளில் திரும்பினாலோ இன்னொரு கூலி உண்டா? மாற்றிய பழைய சாமானையும் கடைச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

'மோட்டார் உறுமுது, சுத்தலை' என்று அடையாளத்தையும் சொல்லிவிட்டால் அவர் கண்டென்சரோடு வருவார். இரண்டாம் நடை மிச்சம்.

திருச்சுழி அம்மாளுக்கும் கணக்குப் புரிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு, "அப்படியே அடுப்படிக் குழாய் ஒழுகுது, முன்கூடத்து விசிறி கத்துது, பாத்துட்டுப் போ தம்பி" என்றார்.

குழாய்க்கு ஒரு வாஷரும் விசிறிக்கு ஒரு திருகும் ஆயிற்று. அரை மணிக்குள் முடிந்துவிட்டதால் வாஷரின் விலையைத் தவிர வேறெதுவும் அவர் கேட்கவில்லை. மூன்று நடைக்கு ஆகியிருக்கக் கூடிய கூலி, ஒரே நடையில் தீர்ந்தது!